ஃபேஸ் ஸ்வாப்ல லாப்லேசியன் பிரமிட் பிளெண்டிங்: அடிக்கடி வர்ற கேள்விகள்

முகத்தை மாத்துற மாடல் எவ்ளோ நல்லா இருந்தாலும் கடைசில அந்த முகத்தை ஒரிஜினல் ஃபிரேம்ல ஒட்டுற இடத்துலதான் பாதிப் பேர் மாட்டிக்கறாங்க, அதனால அந்த ஒட்டுற வேலையை மட்டும் இங்க எடுத்துக்கறேன். எல்லா பதிலுக்கும் ஒரே உதாரணம்தான்: 1080p வீடியோ, முகத்தைச் சுத்தி 512×512 கிராப், அதுல புது முகம் எங்க வரணும்னு சொல்ற மாஸ்க்கோட அகலம் கிட்டத்தட்ட 300 பிக்சல், மாடல் குடுக்குற முகம் 256×256, அதை டார்கெட்ல, அதாவது ஒரிஜினல் ஃபிரேம்ல, உக்கார வைக்கும்போது சுமார் 420 பிக்சலுக்குப் பெருசாகுது. உங்க சைஸ் வேறன்னா நம்பரை அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோங்க.

மாஸ்க் ஓரத்தை ப்ளர் பண்ணி ஒட்டினா போதாதா, எதுக்கு பிரமிட்?

எவ்ளோ ப்ளர்ங்கிறதுதான் பிரச்சனையே. 4 பிக்சல் ப்ளர் வச்சா தோல் நிறத்துல இருக்குற சின்ன வித்தியாசம் கூட தாடை ஓரமா ஒரு கோடா தெரியும். சரின்னு 60 பிக்சல் வச்சா கலர் நல்லா கரைஞ்சுடும், ஆனா அந்த 60 பிக்சல் பட்டைக்குள்ள ரெண்டு முகமும் பாதிப் பாதி தெரியும், அதாவது தாடி முடி ரெண்டு செட்டு, தோல் துளை ரெண்டு செட்டு, புருவ நுனி ரெண்டு, எல்லாம் மங்கலா. கலருக்கு அகலமான கலவை வேணும், நுணுக்கமான விஷயத்துக்கு குறுகலான கலவை வேணும், ஒரே ஒரு ப்ளர் அகலத்தை வச்சுக்கிட்டு இந்த ரெண்டையும் ஒண்ணா குடுக்கவே முடியாது. பிரமிட் இந்த ரெண்டையும் பிரிச்சு தனித்தனியா கலக்குது, அவ்ளோதான் விஷயம்.

இது புது டெக்னிக் இல்ல. பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் ஆடெல்சனும் 1983-லயே படங்களை ஒட்டுறதுக்காக எழுதினது. டீப்ஃபேக்குக்கு முன்னாடி பனோரமா ஒட்டுறவங்க இதைத்தான் வருஷக்கணக்கா யூஸ் பண்ணாங்க.

பேண்டு பேண்டுங்கறாங்களே, உள்ள என்னதான் நடக்குது?

படத்தை லேசா ப்ளர் பண்ணி பாதி சைஸுக்குக் குறைக்கறோம், அதையே மறுபடி மறுபடி பண்றோம்: 512, 256, 128, 64, 32, 16. இது காஸியன் பிரமிட். அப்புறம் ஒவ்வொரு லெவலுக்கும் அதுக்குக் கீழ உள்ள சின்னப் படத்தைப் பெருசாக்கி கழிக்கறோம். கழிச்சதுக்கப்புறம் மிஞ்சுறது என்னன்னா சின்னப் படத்தால சொல்ல முடியாம போன நுணுக்கம் மட்டும், அதுதான் ஒரு பேண்டு. 512 லெவல்ல தோல் துளை, கண்ணிமை முடி, கேமரா நாய்ஸ் மாதிரி விஷயம் இருக்கும், 128 பக்கம் உதடு மடிப்பு, மூக்கு ஓரம் இதெல்லாம். கடைசில மிஞ்சுற 16×16 படத்தைக் கழிக்காம அப்படியே வச்சுக்கறோம், அதுல இருக்குறது வெறும் நிறமும் வெளிச்சமும்தான்.

புது முகத்துக்கு ஒரு லாப்லேசியன் பிரமிட், டார்கெட்டுக்கு ஒண்ணு, மாஸ்க்குக்கு மட்டும் காஸியன் பிரமிட். ஒவ்வொரு லெவல்லயும் `m*f + (1-m)*t`. மாஸ்க்கும் லெவல் இறங்க இறங்க தானாவே ப்ளர் ஆகுதுல்ல, அதனால 512 லெவல்ல வெட்டு கூர்மையா இருக்கும், 16×16-ல ரொம்ப அகலமா இருக்கும். நாம தனியா எந்த அகலமும் செட் பண்ண வேண்டியதில்ல, அதுவா அமைஞ்சுடுது. கடைசில சின்ன லெவல்ல இருந்து பெருசாக்கிப் பெருசாக்கி கூட்டிக்கிட்டே வந்தா முழுப் படம்.

சின்னதா பைதான் கோடு காட்டுங்க

```python
import cv2, numpy as np

def up_to(x, ref):
    return cv2.pyrUp(x, dstsize=(ref.shape[1], ref.shape[0]))

def gpyr(x, n):
    g = [x]
    for _ in range(n):
        g.append(cv2.pyrDown(g[-1]))
    return g

def lpyr(x, n):
    g = gpyr(x, n)
    return [a - up_to(b, a) for a, b in zip(g, g[1:])] + [g[-1]]

def blend(face, target, mask, n=5):
    lf, lt, gm = lpyr(face, n), lpyr(target, n), gpyr(mask, n)
    out = None
    for f, t, m in zip(lf[::-1], lt[::-1], gm[::-1]):
        s = m[..., None] * f + (1 - m[..., None]) * t
        out = s if out is None else s + up_to(out, s)
    return np.clip(np.rint(out), 0, 255).astype(np.uint8)
```

உள்ள போற மூணுமே `np.float32` ஆ இருக்கணும், மாஸ்க் 0-ல இருந்து 1 வரைக்கும், ஒரே சேனல். கோடு சரியா ஓடுதான்னு பாக்க எளிய வழி, `face`, `target` ரெண்டு இடத்துலயும் ஒரே படத்தைக் குடுங்க, மாஸ்க் எதுவா இருந்தாலும் அதே படம் திரும்பி வரணும். வரலன்னா பிரச்சனை பிரமிட்லதான் இருக்கு, முகத்துல இல்ல, மேற்கொண்டு எதையும் தொடாதீங்க.

float எல்லாம் வேண்டாம்னு uint8-லயே பண்ணேன், புருவம் கண்ணிமையெல்லாம் வெளுத்துப் போச்சு, ஏன்?

கழிக்கும்போது வர்ற மைனஸ் எல்லாம் காணாமப் போச்சு. புருவத்துல ஒரு பிக்சல் 60-ன்னு வைங்க, சுத்தி தோல் 170. சின்ன லெவலைப் பெருசாக்கும்போது புருவமும் தோலும் கலந்து அந்த இடத்துல 95 வருது. 60 மைனஸ் 95, அதாவது -35, அந்தப் பேண்டுல இருக்க வேண்டிய மதிப்பு இதுதான். `cv2.subtract` uint8-ல மைனஸை 0 ஆக்கிடும், அப்போ திரும்பக் கூட்டும்போது அந்த இடம் 95-லயே நின்னுடும், புருவம் வெளுத்துடும். சுத்தியிருக்கற தோலோட ப்ளஸ் மதிப்பு மட்டும் அப்படியே பத்திரமா வந்துடுது, அதனால முகம் மொத்தமுமே லேசா வெளிச்சமா தெரியும்.

NumPy-ல வெறும் `a - b` போட்டா இன்னும் மோசம், -35 சுத்தி வந்து 221 ஆயிடும், மாஸ்க்கால பெருக்கினதும் புள்ளி புள்ளியா வெடிக்கும். நெட்ல சுத்துற, ஆப்பிளையும் ஆரஞ்சையும் பாதிப் பாதி ஒட்டுற உதாரணக் கோடு நிறைய uint8-லதான் இருக்கு, அதை அப்படியே எடுத்து முகத்துக்குப் போடாதீங்க. பழத்துல ஓரளவு தெரியாமப் போற தப்பு கண்ணு புருவத்துல உடனே தெரிஞ்சுடும்.

எத்தனை லெவல் வைக்கணும்?

இதுக்குத்தான் நிறையப் பேர் குத்துமதிப்பா 6, 7-ன்னு போடறாங்க, ஆனா இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. `pyrDown` ஒவ்வொரு தடவையும் பண்ற ப்ளரையும் திரும்ப `pyrUp` பண்ற ப்ளரையும் சேத்தா, கடைசி லெவல்ல கலவை 10 சதவீதத்துல இருந்து 90 சதவீதத்துக்குப் போக எடுக்கற தூரம், ஒரிஜினல் பிக்சல்ல, லெவல் 3-ல சுமார் 17, 4-ல 33, 5-ல 67, 6-ல 134. ஒவ்வொரு லெவலுக்கும் டபுள்.

நான் வச்சிருக்கற விதி, இந்தத் தூரம் மாஸ்க் அகலத்துல கால் பங்கைத் தாண்டக் கூடாது. நம்ம மாஸ்க் 300, கால் பங்கு 75, அப்போ `n=5` சரியா வருது. தூரத்துல நிக்கிற ஆள், முகம் 80 பிக்சல்தான்னா 20-க்குள்ள நிக்கணும், 3 லெவல் போதும். ஒரே வீடியோல ஆள் கேமரா பக்கம் நடந்து வர்றார்னா லெவலை நடுவுல மாத்தாதீங்க, மாறுற ஃபிரேம்ல கலர் துள்ளும். முகத்தை ஒரு நிலையான சைஸுக்குக் கொண்டு வந்து அங்க பிளெண்ட் பண்றது ஒரு வழி, இல்ல அந்த ஷாட்ல இருக்குற சின்ன முகத்துக்கு ஏத்த லெவலையே கடைசி வரைக்கும் வச்சுக்கலாம்.

அதிகமாப் போட்டா என்ன ஆகும்னா, `n=7`-ல கடைசி லெவல் 4×4 தான், அங்க மாஸ்க்கோட நடுப் பிக்சல் கூட 1 இருக்காது, 0.9-க்குக் கீழ இறங்கிடும். அப்படின்னா மூக்கு நுனியோட நிறத்துலயே பின்னாடி இருக்கற சுவரும் முடியும் கலக்குதுன்னு அர்த்தம். வெள்ளைச் சுவர் முன்னாடி எடுத்த ஷாட்ல முகம் வெளிறிப் போறதும், இருட்டு ரூம்ல முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகறதும் பெரும்பாலும் இதனாலதான். `gm[-1].max()` பிரிண்ட் பண்ணிப் பாருங்க, 0.98-க்குக் கீழ வந்தா ஒரு லெவல் குறைங்க.

தாடைக்குக் கீழ, கழுத்துப் பக்கம் கறுப்பா ஒரு நிழல் விழுது, மாஸ்க்கை எவ்ளோ சரி பண்ணாலும் போகல

மாஸ்க்கை விடுங்க, மாஸ்க்குக்கு வெளிய உங்க முகப் படத்துல என்ன இருக்குன்னு பாருங்க. `warpAffine` பண்ணா முகத்துக்கு வெளிய கறுப்பு, அதாவது 0. சாதா ஒட்டுறதுல அது கண்ணுக்கே தெரியாது, ஏன்னா மாஸ்க் அதை மறைச்சுடும். பிரமிட்ல அப்படி இல்ல, கடைசி லெவல்ல ஒரு பிக்சல்ங்கறது சுத்துப்பட்ட பல பத்துப் பிக்சலோட சராசரி, அதனால மாஸ்க் ஓரத்துல தோல் 150-ம் வெளிய 0-ம் சேர்ந்து கிட்டத்தட்ட 75 ஆகுது. அங்க மாஸ்க் 0.5, டார்கெட் 150, கலந்தா 112. அந்த லெவல்ல 38 போயிடுச்சு.

இந்த நிழல் ஏன் கழுத்துப் பக்கம் மட்டும் விழுதுன்னா, மாஸ்க்குக்கு உள்ள இந்தக் குறையை முகத்தோட நுணுக்கப் பேண்டுகள் ஓரளவு ஈடு கட்டிடும், ஏன்னா தோலுக்கும் கறுப்புக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் அதுல ப்ளஸ்ஸா பதிவாகி இருக்கு. மாஸ்க்குக்கு வெளிய நுணுக்கப் பேண்டு டார்கெட்டோடது, அதுக்கு இந்தக் கறுப்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அதனால அங்க ஈடு கட்ட ஆள் இல்ல.

சரி பண்ண ரெண்டு வேலை பண்ணணும். முதல்ல முகப் படத்துல வெளிய இருக்கற கறுப்பை டார்கெட்டால நிரப்புங்க, `M` முகத்தை உக்கார வைக்க யூஸ் பண்ண அதே மேட்ரிக்ஸ்தான்:

```python
valid = cv2.warpAffine(np.ones((256, 256), np.float32), M, (512, 512))
face = np.where(valid[..., None] > 0.99, face, target)
```

ரெண்டாவது, மாஸ்க் ஓரம் இந்த `valid` ஓரத்துல இருந்து குறைஞ்சது 10, 15 பிக்சல் உள்ள இருக்கணும். ரெண்டு ஓரமும் ஒரே இடத்துல இருந்தா முகத்துக்கும் நிரப்பினதுக்கும் நடுவுல இருக்கற வெட்டுக் கோடே நுணுக்கப் பேண்டுல ஏறி வந்துடும். நம்ம உதாரணத்துல கலவை மாஸ்க்குக்கு வெளியவும் ஒரு 33 பிக்சல் போகுது, அதனால மாடலை ட்ரெயின் பண்ணும்போதே கன்னம் தாடையெல்லாம் தாண்டி கொஞ்சம் கழுத்தும் நெத்தியும் சேத்து கிராப் பண்ணியிருந்தா ரொம்ப நல்லது, நிஜத் தோல் இருக்கற இடத்துல நிரப்ப வேண்டிய தேவையே வராது.

மாஸ்க்கை ப்ளர் பண்ணிட்டுக் குடுக்கலாமா? எந்த இடத்துல வெட்டணும்?

ப்ளர் பண்ணாதீங்க. ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியாம இருக்க ஒண்ணு ரெண்டு பிக்சல் மென்மை ஓகே, அதுக்கு மேல போனா நுணுக்கப் பேண்டுலயே ரெண்டு முகமும் கலக்க ஆரம்பிச்சுடும், பிரமிட் போட்டதே வீணாயிடும்.

வெட்டு போற இடம் தோல் மட்டும் இருக்கற இடமா இருக்கணும். புருவத்துக்கும் முடி ஆரம்பிக்கற கோட்டுக்கும் நடுவுல நெத்தி, காதுக்கு முன்னாடி கன்னம், தாடை எலும்புக்குக் கொஞ்சம் கீழ, இப்படி. புருவத்தை நடுவுல வெட்டினா ரெண்டு முகத்துப் புருவமும் ஒரே கோட்டுல சந்திக்காது, அங்க உடைஞ்ச மாதிரி தெரியும், எந்தப் பிளெண்டிங்கும் அதைச் சரி பண்ணாது. கண்ணாடி போட்டவங்கள்ல கம்பி காதுக்குப் போற இடத்துல இதே கதைதான்.

முகத்துக்கு முன்னாடி கை, மைக் எல்லாம் வந்தா?

கையை மாஸ்க்ல இருந்து வெட்டி எடுத்துட்டு அப்படியே பிரமிட்ல போட்டா, கையோட ஓரம் கூர்மையா வரும், ஆனா கையோட நிறம் முகத்துலயும் முகத்தோட நிறம் கைலயும் ஒரு 30 பிக்சலுக்குப் பரவும். கறுப்பு மைக்கா இருந்தா வாய்க்குப் பக்கத்துல அழுக்கு மாதிரி. தோலும் தோலும் சேர்ற இடத்துலதான் நிறம் பரவணும், ஒரு பொருள் முன்னாடி மறைக்கற ஓரத்துல எல்லா பேண்டும் ஒரே மாதிரி கூர்மையா நிக்கணும். இது ரெண்டும் வேற வேற ஓரம், ஒரே மாஸ்க்ல போடக் கூடாது.

அதனால முதல்ல கை இல்லாத மாதிரி முழு முக மாஸ்க்கோட பிளெண்ட் பண்ணுங்க, அப்புறம் கையை மட்டும் டார்கெட்ல இருந்து சாதா ஆல்ஃபாவா மேல வைங்க, `occ` கையோட மாஸ்க்: `out = occ[..., None]*target + (1-occ[..., None])*out`. கை முக மாஸ்க்கோட ஓரத்தைத் தாண்டி வெளிய போகுதுன்னா, பிளெண்ட் பண்றதுக்கு முன்னாடி டார்கெட்டோட ஒரு காப்பில அந்தக் கையையும் பக்கத்துத் தோலால நிரப்பி அதை பிளெண்டுக்குக் குடுங்க, தோராயமா இருந்தாலும் போதும், கடைசில ஒரிஜினல் டார்கெட்ல இருந்து கை திரும்ப மேல வந்து அதை மறைச்சுடும். பக்கவாட்டு முகத்துல கன்னத்தோட ஓரமும் பின்னணியும் சேர்ற இடத்துக்கும் இதே வழிதான், பின்னால இருக்கற ஜன்னல் வெளிச்சம் கன்னத்துல கசியறது நிக்கும்.

தோல் கலர் வேறயா இருந்தா பிரமிட் பாத்துக்குமா, இல்ல seamlessClone போடட்டுமா?

பிரமிட் கலரை மாத்தாது, வித்தியாசத்தைப் பரப்பி விடும், அவ்ளோதான். முகம் கழுத்தை விட 20 அளவு சிவப்பா இருந்தா, அந்த 20 ஒரு கோடா தெரியறதுக்குப் பதிலா 67 பிக்சல்ல சரிவா இறங்கும், ஆனா நடு முகம் 20 சிவப்பாவேதான் இருக்கும். அதனால பிரமிடுக்கு முன்னாடியே கலர் ட்ரான்ஸ்ஃபர் பண்ணணும், லேப் கலர்ஸ்பேஸ்ல மாஸ்க்குக்குள்ள மட்டும் சராசரியையும் பரவலையும் டார்கெட்டுக்கு ஒத்துப்போக வைக்கற சாதா முறையே பெரும்பாலும் போதும்.

`cv2.seamlessClone` பண்றது பாய்ஸான் பிளெண்டிங், 2003-ல வந்தது. அது முகத்தோட ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டு நிறத்தை மாஸ்க் ஓரத்துல இருக்கற டார்கெட் பிக்சல்ல இருந்து உள்ள இழுத்துட்டு வரும், அதனால கலர் தானாவே ஒத்துப் போகும். ஆனா அந்த ஓரத்துல ஒரு இடத்துல முடி விழுந்துச்சுன்னா அந்தக் கறுப்பும் நெத்தி முழுக்க இழுத்துட்டு வந்துடும், அடுத்த ஃபிரேம்ல முடி நகர்ந்தா நெத்தியும் கூடவே நிறம் மாறும். ஒரு போட்டோக்குன்னா பாய்ஸானை முயற்சி பண்ணலாம், வீடியோன்னா கலர் ட்ரான்ஸ்ஃபர் ப்ளஸ் பிரமிட்தான் என் சாய்ஸ், ஓரத்துல நடக்கற தப்பு ஓரத்தோட நின்னுடும்.

ஓரமே தெரியல, ஆனா முகம் மட்டும் வழவழன்னு இருக்கு, சுத்தி நார்மலா இருக்கு

256-ஐ 420-க்குப் பெருசாக்கினோம்ல, பெருசாக்கறது புதுசா நுணுக்கத்தை உண்டாக்காது. அதனால முகத்தோட முதல் பேண்டு கிட்டத்தட்ட காலி. டார்கெட்ல அதே பேண்டுல தோல் துளையும் கேமரா கிரெயினும் இருக்கு. பிரமிட் இந்த ரெண்டையும் கூர்மையா வெட்டி ஒட்டுது, அது அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு, ஆனா ஒரு பக்கம் காலியா இருக்கறதால வித்தியாசம் தெரியுது.

இதைக் கண்ணால யூகிக்க வேண்டாம், ரெண்டு படத்தோட `lpyr(...)[0]`-ல கன்னத்துல ஒரு 40×40 இடம் எடுத்து `std()` பாருங்க. டார்கெட்ல 3-ம் முகத்துல 0.8-ம் வந்தா பள்ளம் எவ்ளோன்னு கையில நம்பரே கிடைச்சுடுச்சு. அந்த அளவுக்கு நாய்ஸை முகத்தோட முதல் பேண்டுல சேர்த்துட்டுக் கூட்டுங்க, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புது நாய்ஸ், இல்லன்னா கிரெயின் முகத்துல ஒட்டின மாதிரி நிக்கும். வெறும் தனித்தனிப் பிக்சல் நாய்ஸ் சொரசொரன்னு இருக்கும், வீடியோ கிரெயின் கொஞ்சம் குண்டா இருக்கும், அதனால ரெண்டாவது பேண்டுலயும் அளந்து சேருங்க. இதுக்கு அப்புறமும் தோல் துளை வராது, அதுக்கு மாடலோட ரெசல்யூஷனைத்தான் ஏத்தணும்.

இவ்ளோ நல்லா ஒட்டினா போலின்னு கண்டுபிடிக்கவே முடியாதா?

முடியும். கண்ணுக்குத் தெரியாதுங்கறது வேற, தடயம் இல்லங்கறது வேற. ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு கம்ப்ரெஷனும் நாய்ஸ்ல அதுக்குன்னு ஒரு அமைப்பை விட்டுட்டுப் போகும், நம்ம வெட்டு நுணுக்கப் பேண்டுல கூர்மையா இருக்கறதால அந்த அமைப்பு மாறுற கோடு உள்ள அப்படியே இருக்கு. 2020-ல வந்த ஃபேஸ் எக்ஸ்ரே முறை இந்த ஒட்டு எல்லையைத்தான் தேடுது, எந்த மாடல் முகத்தைச் செஞ்சதுங்கறதே அதுக்கு முக்கியமில்ல.

சண்டைக் காட்சியில டூப்போட முகத்தை நடிகரோடதா மாத்தறது மாதிரி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட வேலைக்குத்தான் நான் இதெல்லாம் எழுதறேன். கேக்காம இன்னொருத்தர் முகத்தை எடுக்கற வேலைக்கு யாரும் உதவி கேக்க வேண்டாம், பதில் சொல்ல மாட்டேன்.

தனி ஃபிரேம்ல சூப்பரா இருக்கு, ஓட விட்டா முகத்து ஓரம் மினுக்குது

ரெண்டு காரணம் இருக்கும், எதுன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. ஆள் அசையாம இருக்கற ஒரு பத்து ஃபிரேம் எடுத்து, முதல் ஃபிரேமோட மாஸ்க்கையும் கிராப்பையும் எல்லாத்துக்கும் போட்டு ஓட்டுங்க. மினுக்கல் நின்னா குற்றவாளி மாஸ்க் இல்லன்னா கிராப். அப்புறம் கிராப்பை மட்டும் பூட்டிட்டு மாஸ்க்கை விட்டுப் பாருங்க, எதுன்னு தெரிஞ்சுடும்.

மாஸ்க்னா, அதை வரையறதுக்காக முகத்துல கண்டுபிடிக்கற கண், மூக்கு, தாடைப் புள்ளிகள், அதாவது லேண்ட்மார்க், ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒண்ணு ரெண்டு பிக்சல் ஆடுது, நுணுக்கப் பேண்டுல வெட்டு கூர்மைங்கறதால அந்த ஆட்டம் அப்படியே தெரியும். முன்னும் பின்னுமா சில ஃபிரேமைச் சேத்து லேண்ட்மார்க்கை ஸ்மூத் பண்ணுங்க, ஆனா தலை வேகமாத் திரும்பற இடத்துல ஸ்மூத்திங்கைக் குறைக்கணும், இல்லன்னா மாஸ்க் பின்தங்கும்.

கிராப் கதை பலருக்குத் தெரியாது. பிரமிட் ஒவ்வொரு லெவல்லயும் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சலை எடுக்குது, அதனால படத்தை ஒரு பிக்சல் நகர்த்திட்டுப் பண்ணா கடைசி லெவல்ல அதே மதிப்பு வராது. முகத்தைத் துரத்திக்கிட்டு கிராப் 1, 3, 2-ன்னு நகர்ந்துக்கிட்டே இருந்தா கடைசி லெவல்ல மாஸ்க்கும் நிறமும் லேசா துடிக்கும், ஓரத்துல மெதுவா வெளிச்சம் ஏறி இறங்கற மாதிரி தெரியும். 5 லெவல்னா கிராப்போட மூலையை எப்பவும் 32-ன் மடங்குல வைங்க, `x0 = (x0 // 32) * 32`, `y0`-வுக்கும் அப்படியே, கிராப் சைஸும் 32-ன் மடங்கு. அப்போ கிராப் நகர்ந்தாலும் ஃபிரேம்ல அந்தக் கட்டங்கள் அதே இடத்துலதான் இருக்கும். கிராப் ஓரத்துக்கு முகம் ரொம்பக் கிட்ட வராம மட்டும் பாத்துக்கோங்க, மாஸ்க்கைச் சுத்தி ஒரு 70 பிக்சலாவது இடம் இருக்கணும், இல்லன்னா கலவை முடியறதுக்குள்ள கிராப் முடிஞ்சு அங்க ஒரு நேர்கோடு வரும்.